கம்பெனி யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? பங்குதாரரும் மற்றவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயக்குநர் குழுக் கூட்டங்களில் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இங்கே பெரும்பாலும் இருக்கின்றன. ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். "யாருக்கு என்ன கடமை" என்று கேட்கிறவர்கள், அந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. கம்பெனி நன்றாக ஓடும்போது ஒரு பதில், விற்கும்போது ஒரு பதில், மூழ்கும்போது வேறு பதில்.

பங்குதாரர், ஸ்டேக்ஹோல்டர் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பங்குதாரர் பங்கு வைத்திருப்பவர். ஸ்டேக்ஹோல்டர் என்றால், கம்பெனி செழித்தாலும் நொடித்தாலும் அதன் பலன் யார் யார் தலையில் விழுமோ அவர்கள் எல்லாரும். ஊழியர், சரக்கு அனுப்பும் சப்ளையர், கடன் கொடுத்த வங்கி, முன்பணம் கட்டிய வாடிக்கையாளர், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்று பட்டியல் நீளும். பங்குதாரரும் அதில் ஒருவர்தான்.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. கூட்டு வியாபாரத்தில் இருக்கும் பார்ட்னரையும் நாம் பங்குதாரர் என்றே சொல்கிறோம். வியாபாரம் நொடித்தால் பார்ட்னர் தன் வீட்டை விற்றாவது கடனை அடைக்க வேண்டியிருக்கும். கம்பெனியின் பங்குதாரருக்கு அந்தப் பயம் கிடையாது. போட்ட பணம் போகலாம், அதற்கு மேல் அவர் பையில் யாரும் கை வைக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிப் பிரச்சினை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பங்குதாரர்கள்தான் முதலாளிகள். அவர்கள் சொல்வதைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே இயக்குநர்கள்?

அவர்களுக்குச் சொந்தம் பங்குதான், கம்பெனி இல்லை. பத்து சதவீதப் பங்கு வைத்திருப்பவர் ஆபீசுக்கு வந்து பத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 1897-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சாலமன் என்ற காலணி வியாபாரியின் வழக்கில் இதை உறுதி செய்தது. பங்குகள் முழுக்க அவரும் அவர் குடும்பத்தாரும் வைத்திருந்தார்கள். ஆனாலும் கம்பெனியின் கடன் கம்பெனிக்கே உரியது, சாலமனுடையது இல்லை என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பால் தப்பித்தது சாலமன். கைக்கு எதுவும் கிடைக்காமல் போனது அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள்.

ஆகவே இயக்குநர்களின் கடமை கம்பெனிக்கு. பங்குதாரர்கள் இயக்குநர்களை வாக்களித்து உட்கார வைக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஆனால் இந்த ஆர்டரை எடு, அந்த மெஷினை வாங்கு என்று நாளுக்கொரு கட்டளை போட முடியாது.

அப்படியென்றால் மற்றவர்களுக்கு என்ன? நான் அதை மூன்று அடுக்காகப் பார்ப்பேன். சம்பளம், வட்டி, சரக்குக்கான பில் எல்லாம் ஒப்பந்தம். வரி, தொழிற்சாலைப் பாதுகாப்பு, கழிவுநீர் விதிகள் எல்லாம் சட்டம். இந்த இரண்டையும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் பங்குதாரருக்கு. மிச்சத்துக்கு உரியவர் என்பதால்தான் அவருக்கு வாக்குரிமை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். சண்டை வருவது மூன்றாவது அடுக்கில்: ஒப்பந்தமும் சட்டமும் கட்டாயப்படுத்தாத இடத்தில், போர்டு தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும் இடத்தில்.

லாபத்தைக் கூட்டுவதுதான் இயக்குநர்களின் சட்டப்படியான கடமை என்று படித்தேனே?

அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஃபோர்டு வழக்கைக் காட்டுவார்கள். முழுக் கதையையும் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் டிவிடெண்ட். 1916-இல் ஹென்றி ஃபோர்டு, இனிமேல் சிறப்பு டிவிடெண்ட் கிடையாது என்று அறிவித்தார். காரின் விலையை 440 டாலரிலிருந்து 360 டாலராகக் குறைக்கிறேன், பெரிய ஆலை கட்டுகிறேன், இன்னும் நிறையப் பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றார். பத்து சதவீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தச் சகோதரர்கள் அதற்குள் சொந்தமாகக் கார் தயாரிக்க ஆரம்பித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃபோர்டு கொடுக்கும் டிவிடெண்ட் அவருடைய போட்டியாளருக்கு முதலீடு.

1919-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், வணிக நிறுவனம் நடத்தப்படுவது முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காகத்தான் என்று எழுதியது. சுமார் 1.93 கோடி டாலரை டிவிடெண்டாகக் கொடுக்கச் சொன்னது. இந்த வாக்கியம்தான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதே தீர்ப்பில், ஆலை விரிவாக்கத்தைத் தடுக்க மாட்டோம், நீதிபதிகள் வியாபார நிபுணர்கள் இல்லை என்றும் நீதிமன்றம் சொல்லியது. இதை ஏனோ பலர் விட்டுவிடுகிறார்கள்.

நடைமுறையில் நின்றது இரண்டாவது பாதிதான். போர்டு நல்லெண்ணத்தோடு, விவரம் தெரிந்து, சொந்த ஆதாயம் இல்லாமல் ஒரு முடிவெடுத்தால், அது லாபம் தருமா தராதா என்று நீதிமன்றம் கிளறிப் பார்ப்பதில்லை. சம்பளத்தை உயர்த்தினால் நல்ல ஆள் நிலைப்பான் என்று போர்டு நினைத்தால் அது போர்டின் கணிப்பு. ஃபோர்டு தோற்றதற்கு ஒரு காரணம், நான் ஏற்கனவே நிறைய சம்பாதித்துவிட்டேன், இனி மக்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தொனியில் சாட்சி சொன்னது. "விலை குறைந்தால் விற்பனை கூடும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஊழியர் நலன், சமூக நலன் என்று சொல்லி போர்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

முடியாது. கம்பெனிக்கு ஏதோ ஒரு வழியில் நன்மை என்று காட்ட வேண்டும். 1883-இல் அயர்லாந்தின் வெஸ்ட் கார்க் ரயில்வே சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி போவன் இதை வேடிக்கையாகச் சொன்னார்: கேக்கும் பீரும் கூடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, கம்பெனியின் நன்மைக்கு உதவாத கேக்கும் பீரும்தான் கூடாது. ஊழியருக்குக் கொடுக்கும் பரிசு நாளைக்கு அவர்களை உற்சாகமாக வேலை செய்ய வைக்கும் என்றால் சரி. அந்த ரயில்வே கம்பெனியோ ஏற்கனவே விற்கப்பட்டு, கணக்கை முடிப்பதற்காக மட்டும் உயிரோடு இருந்தது. அதற்கு நாளை என்பதே இல்லை. நாளை இல்லாத கம்பெனிக்கு உற்சாகமான ஊழியரால் என்ன பயன்? பரிசுத் தொகை செல்லாது என்றாகிவிட்டது.

அந்த "நாளை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டேக்ஹோல்டர் நலனும் பங்குதாரர் நலனும் நீண்ட காலத்தில் ஒன்றுதான் என்று அடிக்கடி சொல்வார்கள். நீண்ட காலம் இருக்கும்வரை அது ஏறக்குறைய உண்மை. அந்தக் காலம் முடியும் இடத்தில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

ஊழியர், சுற்றுச்சூழல் எல்லாம் இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே. அப்போது அவர்கள் வழக்குப் போடலாம்தானே?

எழுதியிருப்பது உண்மை. பிரிட்டனின் 2006 கம்பெனிச் சட்டம் 172-ஆம் பிரிவில், பங்குதாரர்களின் நன்மைக்காகக் கம்பெனியை வெற்றிகரமாக நடத்தும்போது ஊழியர், சப்ளையர், வாடிக்கையாளர், சமூகம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. கவனியுங்கள், இலக்கு பங்குதாரர் நன்மை. மற்றவர்கள் போகிற வழியில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கம்பெனி, அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சமூகம் ஆகியோரின் நலன், சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று ஒரே வரிசையில் வைக்கிறது. யாருக்கு முதலிடம் என்று சொல்லவில்லை.

ஆனால் பிரிட்டனில் அந்தக் கடமை யாருக்கு? கம்பெனிக்கு. மீறினால் வழக்குப் போட வேண்டியது கம்பெனி. அது போடாவிட்டால், நீதிமன்ற அனுமதியோடு அதன் சார்பில் பங்குதாரர் போடலாம். ஊழியருக்கும் ஆற்றங்கரைக்காரருக்கும் இந்தப் பிரிவை வைத்துக் கதவைத் தட்ட வழியில்லை. அவர்கள் தொழிலாளர் சட்டத்தையோ மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டத்தையோதான் நாட வேண்டும். பெயர் பட்டியலில் இருக்கிறது, சாவி வேறொருவர் கையில்.

மினிட்ஸ் எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் "ஊழியர்கள், சப்ளையர்கள், சமூகம் ஆகியோரின் நலன்களை இயக்குநர்கள் முறையாகப் பரிசீலித்தனர்" என்று ஒரு பத்தி இருக்கும். முந்தைய மாத மினிட்ஸிலிருந்து அப்படியே ஒட்டியது. ஒரு கிளையை மூடும் தீர்மானத்திலும் அதே பத்தி, அலுவலகக் காரை மாற்றும் தீர்மானத்திலும் அதே பத்தி. உண்மையில் பரிசீலித்தார்களா என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பத்தியைப் பார்க்காதீர்கள். கூட்டத்துக்கு முன் சுற்றுக்கு விட்ட காகிதங்களைப் பாருங்கள். எத்தனை பேருக்கு வேலை போகும், எவ்வளவு நிலுவை, எந்த சப்ளையர் நம்மை மட்டுமே நம்பி இருக்கிறார் என்று ஒரு தாள் அதில் இருந்தால் பரிசீலித்தார்கள். இல்லையென்றால் இல்லை.

கம்பெனியை விற்கும்போது ஊழியர்களுக்காகக் கொஞ்சம் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்ளலாமா?

இது நாட்டுக்கு நாடு மாறும். மிகக் கறாரானது அமெரிக்காவின் டெலவேர் மாநிலம். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் பெரும்பாலானவை பதிவாகியிருப்பதும் அங்கேதான். 1986-இல் ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் வழக்கில், கம்பெனி விற்கப்படப்போகிறது என்று உறுதியானபின் இயக்குநர்கள் கோட்டையைக் காப்பவர்கள் இல்லை, ஏலம் போடுகிறவர்கள் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்குதாரருக்கு நல்ல விலை வாங்கிக் கொடுப்பதுதான் அவர்களின் வேலை. ரெவ்லான் போர்டு, கடன் பத்திரம் வைத்திருந்தவர்களைப் பாதுகாப்பதாகச் சொன்ன ஒருவருக்குச் சலுகை காட்டியிருந்தது. அவர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அது போதும் என்று நீதிமன்றம் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டது.

பிரிட்டனிலும் இப்படி ஒன்று நடந்தது. 1960-இல் ஒரு செய்தித்தாள் நிறுவனம் தன் பத்திரிகைகளை விற்றது. விற்ற பணத்தை வேலையிழந்த ஊழியர்களுக்குக் கொடுக்க இயக்குநர்கள் விரும்பினார்கள். பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். 1962-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெஸ்ட் கார்க் தர்க்கமேதான்: பத்திரிகையை விற்றாகிவிட்டது, ஊழியரின் உற்சாகம் இனி எதற்கு? பலருக்கு அது மனசாட்சிக்கு ஒவ்வாமல் இருந்தது. 1980-இல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, தொழிலை நிறுத்தும்போது ஊழியர்களுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அதிகாரம் என்றால் கொடுக்கலாம் என்பது. கொடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை.

கம்பெனி கடனில் மூழ்குகிறது. இப்போதும் பங்குதாரர் நலனைத்தான் பார்க்க வேண்டுமா?

கூடாது. ஏன் கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒரு கம்பெனியின் கையில் 50 கோடி இருக்கிறது. அது தர வேண்டியது 80 கோடி. இன்றே கதவைச் சாத்தினால் கடன் கொடுத்தவர்களுக்கு 50 கோடி கிடைக்கும், பங்குதாரருக்குச் சல்லிக்காசு கிடைக்காது. இந்த நேரத்தில் ஒரு வாய்ப்பு வருகிறது. 50 கோடியையும் அதில் போட்டால், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் 120 கோடியாகத் திரும்பும். ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பில் எல்லாம் போய்விடும். சராசரியாகப் பார்த்தால் இந்த 50 கோடியின் மதிப்பு 24 கோடியாகச் சுருங்குகிறது. புத்தியுள்ள எவரும் தன் சொந்தப் பணத்தை இதில் போட மாட்டார்.

பங்குதாரர் கண்ணால் பாருங்கள். இப்போது அவர் கையில் பூஜ்யம். சூதாட்டம் பலித்தால் 120-இல் 80 கடனுக்குப் போக 40 கோடி அவருக்கு. பலிக்காவிட்டால் அதே பூஜ்யம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் சராசரி 8 கோடி. அவருக்கு இது லாபம். கடன் கொடுத்தவர்களுக்கோ கையில் இருந்த 50 கோடி, சராசரி 16 கோடியாகிறது. பந்தயம் பங்குதாரருடையது, பணம் இன்னொருவருடையது. முதல் கேள்வியில் சொன்ன அந்தப் பாதுகாப்பு, போட்டதற்கு மேல் இழக்க மாட்டார் என்ற விதி, இங்கே விஷமாகிறது.

அதனால்தான் பல நாடுகளின் சட்டம் இந்தக் கட்டத்தில் இயக்குநரின் பார்வையைத் திருப்புகிறது. கம்பெனிக்கு எது நல்லது என்று கேட்டால், இப்போது கம்பெனியின் இடத்தில் நிற்பவர்கள் கடன் கொடுத்தவர்கள். மிச்சம் என்று ஏதாவது இருந்தால் அது இனி அவர்களுடையது.

எந்தத் தேதியிலிருந்து அப்படி மாறுகிறது?

தேதி குறிக்க முடியாது என்பதுதான் சிக்கல். இதற்கு இப்போது நல்ல உதாரணம் ஒரு நதி.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபாக்ஸ் நதி. கார்பன் இல்லாத நகல் காகிதம் தயாரித்ததில் வந்த ரசாயனம் அதில் பல ஆண்டுகள் கலந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யும் செலவில் ஒரு பங்கு, ஆர்ஜோ விக்கின்ஸ் ஆப்பிள்டன் என்ற கம்பெனியின் தலையில் விழக்கூடிய நிலை. தொகை எவ்வளவு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 2009 மே மாதம் அந்தக் கம்பெனி தன் தாய் நிறுவனமான செக்வானாவுக்கு 13.5 கோடி யூரோ டிவிடெண்ட் அறிவித்தது. அன்றைய கணக்கில் சொத்து கடனை விட அதிகம், அதாவது கம்பெனி நொடிக்கவில்லை. ஆனால் நதிக்கு எடுத்து வைத்த தொகை போதாமல் போகலாம் என்ற ஆபத்து இருந்தது. கடைசியில் போதவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில் கம்பெனி நொடித்தது.

வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-இல் தீர்ப்பு வந்தது. கடன் கொடுத்தவர்களின் நலனைப் பார்க்கும் கடமை உண்டு. ஆனால் எப்போதாவது நொடிக்கக்கூடும் என்ற ஆபத்து இருந்தால் மட்டும் அது பிறக்காது. நொடிப்பு நெருங்கிவிட்டது, அல்லது நொடிக்கும் வாய்ப்பே அதிகம் என்ற நிலையில்தான் பிறக்கும். அதற்கப்புறமும் ஒரே தாவலாக மாறிவிடாது. நிலைமை மோசமாக மோசமாகக் கடன் கொடுத்தவர்களின் எடை கூடிக்கொண்டே போகும். மீள வழியே இல்லை என்றானபின் அவர்கள் மட்டும்தான்.

2009-இல் அந்த நிலை வரவில்லை, ஆகவே இயக்குநர்கள் இந்தக் கடமையை மீறவில்லை என்றாகிவிட்டது. ஆனால் அதே டிவிடெண்ட் வேறொரு சட்டப் பிரிவில் மாட்டியது. கடன் கொடுத்தவர்களுக்கு எட்டாத இடத்தில் சொத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் நோக்கம் என்று கண்டு, கீழ் நீதிமன்றங்கள் செக்வானாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தன. ஒரே செயல், ஒரு கதவில் தப்பியது, இன்னொரு கதவில் சிக்கியது. என் பார்வையில் 2022 தீர்ப்பு சரியே. தூரத்து ஆபத்துக்கெல்லாம் டிவிடெண்டை நிறுத்தச் சொன்னால் எந்தக் கம்பெனியும் டிவிடெண்ட் கொடுக்க முடியாது. ஆனால் நதியோரத்தில் இருப்பவருக்கு இது ஆறுதலாக இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜெர்மனியில் இதைத் தீர்ப்புகளின் கையில் மட்டும் விடவில்லை. பணம் கட்ட முடியாத நிலை வந்தால் அதிகபட்சம் மூன்று வாரத்துக்குள் இயக்குநர்கள் திவால் மனு போட்டாக வேண்டும்.

கலைத்துவிட்டால் யாருக்கு முதலில் பணம்?

விவரம் நாட்டுக்கு நாடு வேறு, எலும்புக்கூடு ஒன்றுதான். கலைப்புச் செலவு, அடமானம் பிடித்தவர், சட்டம் குறித்த வரம்பு வரை ஊழியரின் நிலுவைச் சம்பளம், அப்புறம் அடமானம் இல்லாதவர்கள், கடைசியில் பங்குதாரர். சில நாடுகளில் ஊழியரும் அடமானம் பிடித்தவரும் ஒரே படியில் நிற்பார்கள். இந்தியாவின் 2016 திவால் சட்டத்தில் தொழிலாளர்களின் 24 மாத நிலுவை அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. சப்ளையரும் முன்பணம் கட்டிய வாடிக்கையாளரும் பெரும்பாலும் அடமானம் இல்லாதவர் கூட்டத்தில், வரிசையின் வால் பக்கம்.

நான் ஒரு சப்ளையர். எனக்கு வர வேண்டியது சிக்கலில் இருக்கிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்டறிக்கையில் எல்லாரும் லாபத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் வேறு நான்கு இடத்தைப் பாருங்கள்.

முதலில், சப்ளையர்களுக்குத் தர வேண்டிய தொகையை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று வரும். 100 கோடிக்குக் கொள்முதல், பாக்கி 12 கோடி என்றால் ஏறக்குறைய 44 நாள். அடுத்த ஆண்டு அதே கொள்முதலுக்குப் பாக்கி 25 கோடி என்றால் 91 நாள். நடுவில் அந்த 13 கோடி எங்கிருந்து வந்தது? உங்களைப் போன்றவர்களிடமிருந்து, வட்டியில்லாக் கடனாக. அதே ஆண்டில் டிவிடெண்டும் உயர்ந்திருந்தால், உங்கள் பணம் பங்குதாரர் கைக்குப் போகிறது என்று நான் சொல்வேன். சட்டப்படி அது தவறாக இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, தணிக்கையாளர் அறிக்கையில் நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய பத்தி. "குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை" என்ற சொல் வந்தால் சரக்கு அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். மூன்றாவது, கணக்குக் குறிப்புகளில் வரக்கூடிய பொறுப்புகள் என்ற பகுதி. ஃபாக்ஸ் நதி மாதிரி விஷயங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான்காவது, தாய் நிறுவனத்துக்கோ முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிக்கோ கொடுத்த கடன். கலைக்கும் நாளில் அது வசூலாகுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், போனை எடுக்கும் கணக்குப் பிரிவு ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் அது ஓர் அறிகுறிதான். இதை எந்த அறிக்கையிலும் போட மாட்டார்கள்.

ஊழியர்களுக்குப் போர்டில் இடம் கொடுத்தால் இந்தப் பிரச்சினை தீராதா?

ஓரளவுக்குத் தீரும். ஜெர்மனியில் 1976 சட்டப்படி, 2000 ஊழியருக்கு மேல் உள்ள கம்பெனிகளில் மேற்பார்வைக் குழுவின் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. அதைவிடச் சிறிய, 500 பேருக்கு மேற்பட்ட கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பாதி பாதி என்று இருக்கும் இடத்தில் வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, அந்தத் தலைவர் நடைமுறையில் பங்குதாரர் தரப்பு ஆள். கடைசி வார்த்தை அவர்களிடம்தான். என்றாலும் மூடப்போகும் ஆலையைப் பற்றிய தகவல் ஊழியர் காதுக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பேரம் பேச அந்த நேரம் பெரிய விஷயம். சப்ளையருக்கும் நதிக்கும் அந்த மேஜையில் நாற்காலி இல்லை என்பதையும் பாருங்கள். ஊழியர் பிரதிநிதி ஆலையைத் திறந்து வைக்கத்தான் வாக்களிப்பார், அது நதியைக் கெடுத்தாலும்.

2019-இல் அமெரிக்க முதலாளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களே, அதனால் ஏதாவது மாறியதா?

சட்டத்தில் எதுவும் இல்லை. 181 தலைமை நிர்வாகிகள், எல்லா ஸ்டேக்ஹோல்டருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கடமை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது கம்பெனியின் அமைப்பு விதிகளும் அது பதிவான இடத்தின் சட்டமும். அந்த அறிக்கையால் இரண்டில் எதுவும் மாறவில்லை. உண்மையிலேயே மாற்ற நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. 2010-இல் மேரிலாந்து மாநிலம், பொதுநன்மையையும் இலக்காக எழுதி வைத்துக்கொள்ளும் தனி வகைக் கம்பெனியை அனுமதித்தது, டெலவேர் 2013-இல் தனக்கென ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பங்குதாரர்கள் வாக்களித்து விதிகளைத் திருத்த வேண்டும்.

பங்குதாரர் எல்லாருக்கும் ஒரே நலன்தானா?

எங்கே! நேற்று வாங்கி நாளை விற்பவரும், முப்பது ஆண்டு வைத்திருக்கும் ஓய்வூதிய நிதியும், 60 சதவீதம் வைத்திருக்கும் குடும்பமும் ஒன்றா? கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கும் பைபேக் அறிவித்தால் முதல் ஆளுக்குக் கொண்டாட்டம், இரண்டாவது ஆள் ஆராய்ச்சிச் செலவு என்ன ஆயிற்று என்று கேட்பார், மூன்றாவது ஆள் தன் பிடி இறுகுகிறதா என்று பார்ப்பார். ஓய்வூதிய நிதியில் பணம் போட்டிருப்பவர் அதே கம்பெனியின் ஊழியராகவும், அந்த ஆலையின் பக்கத்துத் தெருக்காரராகவும்கூட இருக்கலாம். பங்குதாரர் நலன் என்று போர்டில் யாராவது சொன்னால், எந்தப் பங்குதாரர் என்று நான் மினிட்ஸ் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன். அச்சுக்குப் போகும்போது அதை அழித்துவிடுவார்கள்.